முறம் தெரியாத இயந்திரம்

நெல் புடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டி முற்றத்தில் அமர்ந்து, முறத்தை இரு கைகளாலும் பிடித்து, மேல்நோக்கி ஓர் உதறு உதறுகிறார். நெல்லும் பதரும் சேர்ந்தே எழுகின்றன. நெல் திரும்ப முறத்திலேயே விழுகிறது. பதரோ காற்றின் தடையால் தயங்கித் தயங்கி இறங்கி, முறத்தின் திறந்த முன்விளிம்பைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. காற்றுத் தடையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்?

இந்தக் காட்சியை, எழுத்தைப் படித்து வீடியோ ஆக்கித் தரும் கருவி ஒன்றிடமிருந்து பெறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வினாடிப் படம் போதும். கருவிக்கு நாம் எழுதித் தரும் வாசகத்தைப் பிராம்ப்ட் என்பார்கள். நாம் அதைக் கட்டளை என்றே குறிப்போம். அந்தக் கட்டளையைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டுமா? தமிழில் எழுதினால் என்ன தொலைகிறது, ஆங்கிலத்தில் எழுதினால் என்ன தொலைகிறது? இது மொழிப்பற்றை வைத்துத் தீர்க்கும் வழக்கன்று. சோதித்துப் பார்த்துத் தீர்க்கவேண்டியது, சோதிக்கவும் முடியும்.

முதலில் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று படிக்கும் பகுதி. மற்றொன்று வரையும் பகுதி. படிக்கும் பகுதி நமது வாசகத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தன்னிடமுள்ள பட்டியலில் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது. அந்த எண்களைக் கொண்டு, வாசகத்தின் பொருளைக் குறிக்கும் நீண்ட எண்தொகுதிகளை உருவாக்குகிறது. வரையும் பகுதி தமிழையும் பார்ப்பதில்லை, ஆங்கிலத்தையும் பார்ப்பதில்லை. இந்த எண்தொகுதிகளை மட்டுமே பார்க்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிலையம் கிடைக்காதபோது திரை முழுதும் புள்ளி மழை பொழியுமே, அதுபோன்ற குழப்பத்திலிருந்து தொடங்கி, எண்தொகுதிகள் காட்டும் திசையில் சிறிது சிறிதாகப் புள்ளிகளை ஒழுங்குபடுத்திப் படமாக்குகிறது.

ஆகவே நமது முதல் கேள்வி மிக எளியது. படிக்கும் பகுதியின் பட்டியலில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா?

2024இல் வெளிவந்த காக்-வீடியோ-எக்ஸ் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் படிக்கும் பகுதி டி5 என்பது. டி5இன் பட்டியலில் சுமார் 32,000 துண்டுகள் உள்ளன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ருமேனியன் ஆகிய மொழிகளை மனத்தில் கொண்டு தொகுத்த பட்டியல் அது. தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. அதற்கு மாறாக, 2025இல் வெளிவந்த வான் 2.1 என்ற கருவியின் படிக்கும் பகுதி யூஎம்-டி5. அது நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளின் எழுத்துரையைக் கொண்டு பயின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. இவ்விரண்டின் வேறுபாட்டையும் உங்கள் கணிப்பொறியிலேயே காணலாம். வீடியோக் கருவியை இறக்கிக்கொள்ளவேண்டாம். பட்டியல்கள் மட்டும் போதும்.

```python
from transformers import AutoTokenizer
s = "பாட்டி முறத்தில் நெல் புடைக்கிறாள்"
for name in ["google/t5-v1_1-xxl", "google/umt5-xxl"]:
    t = AutoTokenizer.from_pretrained(name)
    ids = t(s).input_ids
    print(ids)
    print(t.decode(ids))
```

வாசகத்தை எண்களாக்கி, அந்த எண்களையே மீண்டும் வாசகமாக்குகிறோம். போனது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. யூஎம்-டி5இல் நமது தமிழ் வாக்கியம் முழுதாகத் திரும்பி வரும். டி5இல் திரும்பி வருவது இதுதான்:

```
[3, 2, 3, 2, 3, 2, 3, 2, 1]
<unk> <unk> <unk> <unk></s>
```

இங்கே 3 என்பது சொல்லுக்கு முன்னுள்ள இடைவெளி. 2 என்பது ‘இன்னதென்று தெரியவில்லை’ என்பதற்கான எண். 1 என்பது வாசகம் முடிந்தது என்பதற்கு. பாட்டியும் போனாள், முறமும் போயிற்று, நெல்லும் போயிற்று. மிஞ்சியது ஒரே செய்தி: ‘தெரியாத சொற்கள் நான்கு.’

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. ‘காக்கை மரத்தில் கூடு கட்டுகிறது’ என்பதிலும் நான்கு சொற்கள்தாம் இருக்கின்றன. எனவே டி5இன் கண்ணுக்கு அந்த வாக்கியமும் நமது வாக்கியமும் ஒன்றே. எண் வரிசையும் ஒன்றே. தொடக்கப் புள்ளி மழை எப்படி அமையவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதை எண் ஒன்று கருவியில் உண்டு. அந்த எண்ணை மாற்றாமல் இரண்டு கட்டளைகளையும் தனித்தனியே கொடுத்தால், ஒரே கணிப்பொறியில், காக்கைக்கும் பாட்டிக்கும் ஒரே வீடியோதான் வரும்.

பிழைச் செய்தி ஏதும் வராது என்பதை மறக்கவேண்டாம். கருவி, ‘எனக்குத் தமிழ் தெரியாது’ என்று சொல்வதில்லை. மலையோ கடலோ முகமோ, பளபளவென்று ஏதோ ஒன்றைத் தந்துவிடும். தமிழ்க் கட்டளைக்குப் பெண் ஒருத்தி நிற்கும் காட்சி தற்செயலாக வந்துவிட்டால், ‘பரவாயில்லை, பாதி புரிந்துகொண்டது’ என்று நாமே அதற்கு மதிப்பெண் போட்டுவிடுவோம். ஆகவே எந்தக் கருவியானாலும் முதலில் சொல்லெண்ணிக்கை ஒத்த, பொருள் ஒவ்வாத இரு வாக்கியங்களைக் கொடுத்துப் பாருங்கள். படம் ஒன்றாகவே வந்தால் வழக்கு முடிந்தது. அந்தக் கருவிக்குத் தமிழில் எழுதுவது வெற்றுத்தாளைத் தருவதற்குச் சமம்.

இன்னொரு வகை இழப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில கருவிகளின் படிக்கும் பகுதி, எழுத்தை அறியாவிட்டாலும் அதைக் கணிப்பொறி சேமிக்கும் பைட்டுகளாகப் பிரித்து எண்ணிக்கொள்ளும். கிளிப் என்பது அப்படிப்பட்டது. தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. ‘பா’ என்பதில் பகரமும் துணைக்காலும் இரண்டு குறிகள்; ஆக ஆறு பைட்டு. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே. கிளிப்பில் ஒரு வாசகத்துக்கு 77 துண்டுகளுக்குத்தான் இடம். மீதியை வெட்டி எறிந்துவிடும். நீண்ட தமிழ் வாக்கியத்தின் வால் இப்படி வெட்டுப்படும். நமது மொழியில் வினைச்சொல் எங்கே நிற்கிறது? வாலில்தான். பாட்டி இருப்பாள், முறம் இருக்கும். புடைப்பது மட்டும் இராது.

சரி, யூஎம்-டி5 போலத் தமிழ் எழுத்தை அறிந்த பகுதியுள்ள கருவி கிடைத்துவிட்டது. இனித் தமிழிலேயே எழுதலாம் அல்லவா? பொறுங்கள். எழுத்து தெரிவது வேறு, காட்சி தெரிவது வேறு. யூஎம்-டி5 தமிழை எழுத்துரையில் கற்றது. அதாவது விடுபட்ட இடங்களை நிரப்பிப் பழகிக் கற்றது. வான் கருவியின் வரையும் பகுதியோ, வீடியோக்களையும் அவற்றின் விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்துக் கற்றது. அந்த விளக்கங்கள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தவை. தமிழ்ச் சொல்லின் எண்தொகுதி, அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் எண்தொகுதிக்கு அருகில் வந்து விழுந்தால் படம் சரியாக வரும். விலகி விழுந்தால் விலகிய படம் வரும். யானை, மழை, தாமரை போன்றவை எழுத்துரையில் ஏராளமாக வருபவை. அருகில் விழ வாய்ப்புண்டு. முறம் எத்தனை இடத்தில் வரும்?

இதைச் சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதுபோலவே செய்யவேண்டும்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அசைக்காதே. விதை எண், பிரேம் எண்ணிக்கை, அளவு எல்லாம் அப்படியே இருக்கட்டும். கட்டளை மட்டும் நான்கு விதமாக மாறட்டும். முதலாவது, எதுவும் எழுதாத வெற்றுக் கட்டளை. இரண்டாவது, தமிழ் வாக்கியம். மூன்றாவது, அதன் நேரான ஆங்கிலம். நான்காவதைப் பிறகு சொல்கிறேன். வெற்றுக் கட்டளை எதற்கு என்று நினைப்பீர்கள். தமிழ்ப் படம் வெற்றுப் படத்தைப் போலவே இருந்தால், தமிழ் எந்த விசையையும் செலுத்தவில்லை என்று அறியலாம். ஒரு விதை எண்ணோடு நிறுத்திவிடவும் கூடாது; நான்கு எண்களிலாவது பார்க்கவேண்டும். ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம்.

இத்தகைய சோதனையை என் மாணவர்களுடன் வான் 2.1இன் சிறிய வடிவத்தில் செய்தோம். தமிழ்க் கட்டளைக்குக் கிராமத்துச் சூழலும் முதிய பெண்ணும் வந்தன. ஆக, தமிழ் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் இருந்தது ஏதோ ஒரு கிண்ணம், அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். ‘பாட்டி’ போய்ச் சேர்ந்தது, ‘முறம்’ வழியில் தங்கிவிட்டது.

அடுத்து ஆங்கிலம். புடைத்தல் என்பதற்கு அகராதியில் உள்ள சொல்லைப் போட்டோம்.

```
An old Indian woman winnowing rice in a courtyard
```

படம் தெளிவாக, அழகாக வந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அது புடைத்தல் அன்று! பெண் நின்றுகொண்டு, வட்டக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கி, தானியத்தைக் கீழே சரித்துக்கொண்டிருந்தாள். களத்து மேட்டில் காற்று வீசும்போது செய்வோமே, அந்தத் தூற்றுதல்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் தூற்றுதல் வேறு, புடைத்தல் வேறு. முறத்தைச் சாய்த்து ஆட்டிக் கல்லையும் நொய்யையும் ஒதுக்கும் கொழித்தல் மூன்றாவது. சல்லடையில் சலித்தல் முற்றிலும் வேறு. இவை வெறும் சொல்வளம் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொன்றின் இயற்பியலும் வேறு. தூற்றுதலில் பக்கவாட்டுக் காற்று வேண்டும். விழும் பதரைக் காற்று அடித்துச் செல்கிறது. புடைத்தலில் வெளிக்காற்று தேவையில்லை. முறத்தின் உதறலே போதும். சலித்தலில் காற்றுக்கு வேலையே இல்லை. துகளின் பருமன் மட்டுமே பிரிக்கிறது. காற்றுத் தடையை விளக்கச் சல்லடையைக் காட்டினால் மாணவன் எதைக் கற்பான்?

ஆகவே தமிழில் எழுதினால் பொருள் வழியில் தங்குகிறது. ஆங்கிலப் பெயரை எழுதினால் பொருள் வேறு வண்டியில் ஏறிப் போகிறது. இரண்டாவது இழப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. கிண்ணத்தைக் கிளறும் பாட்டியை எவரும் தவறு என்பார்கள். தலைக்கு மேல் கூடை தூக்கும் பாட்டியைக் கண்டு கைதட்டுவார்கள்.

இங்கேதான் நான்காவது கட்டளை உதவுகிறது. செயலின் பெயரைச் சொல்லாமல், செயலையே சொல்லவேண்டும். முறத்தைப் பார்த்தறியாத அயல்நாட்டவருக்குத் தொலைபேசியில் விளக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பொருளின் வடிவம் என்ன? எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? கைகள் எங்கே? எது மேலே போகிறது, எவ்வளவு உயரம்? எது எங்கே விழுகிறது? இவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் எளிய ஆங்கிலத்தில் வைத்தோம்.

```
An old woman sits on the ground, holding with both hands a flat
bamboo tray, raised on three sides, open at the front. She jerks
it upward. The grain rises a hand's width and falls back into
the tray. Light husks drift out over the open front edge.
```

இதில் முறமும் இல்லை, புடைத்தலும் இல்லை. ஆனாலும் முறத்துக்கும் புடைத்தலுக்கும் மிக அருகில் வந்த படம் இதுவே. முறத்தின் முன்பக்கம் சில படங்களில் மூடியே இருந்தது. விதை எண்ணை மாற்றியபோது திறந்தது.

இதே விளக்கத்தைத் தமிழில் கொடுத்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கொடுத்துப் பார்த்தோம். முறத்தின் பெயரை மட்டும் சொன்னபோது வந்ததைவிட நன்றாகவே வந்தது. கிண்ணம் போய்த் தட்டு வந்தது. எனவே ஒரு பகுதி இழப்பு மொழியால் வந்ததன்று, பெயரைச் சொல்லி நிறுத்தியதால் வந்தது. ஆயினும் எது எழுகிறது, எது விழுகிறது என்ற உறவுகள் தமிழில் குழம்பின. நமது வாக்கியத்தில் அந்த உறவுகளை வேற்றுமை உருபுகள் தாங்குகின்றன. ‘முறத்தை’, ‘முறத்தில்’, ‘முறத்திலிருந்து’ என்ற மூன்றும் ஈற்றில் மட்டுமே மாறுபடுகின்றன அல்லவா?

கட்டணச் சேவைகளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பல கருவிகள், நாம் எழுதியதை அப்படியே வரையும் பகுதிக்கு அனுப்புவதில்லை. நடுவில் ஒரு மொழிக்கருவி அமர்ந்து, கட்டளையை விரித்து எழுதி அனுப்புகிறது. வான் கருவியில் இந்த வசதியை நாமே இயக்கலாம், நிறுத்தலாம். விரித்தெழுதும் மொழியை `--prompt_extend_target_lang` என்பதில் குறிக்கவேண்டும். தெரிவு இரண்டே, `zh` அல்லது `en`. அதாவது சீனம் அல்லது ஆங்கிலம். அங்கே தமிழில் எழுதினாலும் நமது கட்டளை மொழிபெயர்ந்துதான் போய்ச் சேரும். இதில் தவறில்லை, ஆனால் மொழிபெயர்ப்பை நாம் படிக்கவேண்டும். ஓடும்போது `Extended prompt` என்று ஒரு வரி திரையில் வரும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேவை எதுவானாலும், விரித்தெழுதியதைக் காட்டினால் படித்துவிட்டே படத்தைப் பாருங்கள்.

அந்த வரியில் மூன்று இடங்களைத் தேடுங்கள். முதலில் வினை: புடைத்தல் என்னவாயிற்று? `sifting` என்று இருந்தால் சல்லடை வரப்போகிறது. அடுத்து ஆள்: ‘ஒருவர் புடைக்கிறார்’ என்று நாம் எழுதியிருந்தால் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை; ஆங்கிலம் பெரும்பாலும் ஒன்றைத் தெரிவு செய்துவிடும். நாம் சொல்லாததை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பொருள். மூன்றாவது, சேர்க்கை: பொன்னிற ஒளி, பின்னணியில் மலைகள் என்று நாம் கேளாத அலங்காரங்கள். அவை படத்தை அழகாக்கி, பிழையை மறைக்கும்.

படம் வந்தபின் சரிபார்ப்பவர் கட்டளையை எழுதியவராக இருக்கக்கூடாது. எழுதியவர், தாம் எழுதியதையே படத்தில் காண்பார். நாங்கள் கடைப்பிடித்த முறை இது. தமிழ் வாக்கியத்தைச் சிறு கூறுகளாக ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்: முதியவள், தரையில் அமர்ந்திருத்தல், முறம், முன்பக்கம் திறப்பு, மேல்நோக்கிய உதறல், நெல் திரும்பி விழுதல், பதர் வெளியேறல் என ஏழு. கட்டளையைப் பார்த்தறியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, ‘என்ன நடக்கிறது?’ என்று மட்டும் கேட்டோம். ‘புடைக்கிறாளா?’ என்று கேட்டால் ஆம் என்றுதான் விடை வரும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, ஏழில் எவை வந்தன, எவை வரவில்லை, எது மாறி வந்தது என்று குறித்தோம். விடுதிச் சமையற்கூடத்து அம்மாள் ஒருவர் நான்காவது கட்டளையின் படத்தைப் பார்த்து, ‘புடைக்கத்தான் பார்க்கிறா, ஆனா கை தெரியலை’ என்றார். ஏழு கூறுகளில் இல்லாத எட்டாவதை அவரே கண்டுபிடித்தார்: மணிக்கட்டின் சுழிப்பு.

எல்லாக் குறையையும் மொழியின்மேல் போட்டுவிடவும் கூடாது. நெல் 10 சென்டிமீட்டர் எழுந்து விழுவதாகக் கொள்வோம். எழும் நேரம் √(2h/g), அதாவது √(0.2/9.8), சுமார் 0.14 வினாடி. விழவும் அவ்வளவே. ஆக மொத்தம் 0.28 வினாடி. வான் 2.1 தருவது வினாடிக்கு 16 பிரேம். நெல் காற்றில் இருக்கும் நேரத்துக்குக் கிடைப்பவை நான்கு அல்லது ஐந்து பிரேம்கள்தாம். வினாடிக்கு 8 பிரேம் தரும் கருவியானால் இரண்டே. பதர் பிந்துவதும் நெல் முந்துவதும் இந்த இரண்டு பிரேமுக்குள் நடந்தாகவேண்டும்! எங்கள் படத்தில் ஓர் உதறலுக்கு நெல் பதினாறு பிரேம், அதாவது முழுதாக ஒரு வினாடி, காற்றில் நின்றது. அப்படி நிற்க அது ஒரு மீட்டருக்கு மேல், கணக்கிட்டால் 1.2 மீட்டர், எழும்பியிருக்கவேண்டும். படத்திலோ சாண் உயரம்கூட இல்லை. இதைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் திருத்த முடியவில்லை. ஆங்கிலத்திலும் அதே பிழை நீடிக்கிறதா என்று பார்ப்பதே, குறை மொழியினுடையதா கருவியினுடையதா என்று பிரித்தறியும் வழி.

முடிவில் அந்தக் கருவிப் படத்தைப் பாடத்தின் முகப்பில் மட்டும் வைத்தோம். தலைப்பைப் பின்னர் எங்கள் கையால் தமிழில் பதித்தோம், எழுத்துகளைக் கருவியிடம் கேட்கவில்லை. நெல்லும் பதரும் பிரியும் இடத்துக்கு, சமையற்கூடத்து அம்மாளிடமே முறத்தைக் கொடுத்து, கைப்பேசியின் மெதுவோட்ட வசதியில் வினாடிக்கு 240 பிரேமாகப் படம் பிடித்தோம். ஓர் உதறலுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பிரேம்கள் கிடைத்தன. பதர் பின்தங்கத் தொடங்கும் பிரேமை மாணவர்கள் இப்போது விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள்.